வாசல் அகலத்துக்குள் சிக்குக் கோலம்: புள்ளி இடைவெளியைக் கணக்கிடுவது எப்படி?

கோலப் புத்தகத்திலோ கைப்பேசியில் வரும் படத்திலோ "நேர்ப்புள்ளி 9–1" என்று போட்டிருக்கும். எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்பது அதிலேயே தெரிந்துவிடும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு விடுவது என்பது மட்டும் இருக்காது. தெருவைப் பார்த்த அகலமான வாசலில் அது ஒரு குறையே இல்லை. நடுவில் தொடங்கி, கை போகிற போக்கில் இடைவெளி விட்டு, கோலம் முடிகிற இடத்தில் முடியட்டும் என்று விட்டுவிடலாம்.

சிங்கப்பூரில் வீவக வீட்டு வாசலில் அது நடக்காது. பல வீடுகளுக்கு இரண்டு பக்கமும் சுவர், முன்னால் பக்கத்து வீட்டார் நடக்கிற தாழ்வாரம். இடம் போதாது என்பது கடைசிச் சுழி சுவரில் முட்டும்போதுதான் தெரியவரும். அதற்குள் எல்லாப் புள்ளியும் வைத்து, பாதிக் கம்பியும் இழுத்து முடித்திருப்பீர்கள். அப்புறம் அந்தப் பக்கத்துச் சுழியை மட்டும் நசுக்கிப் போடுவார்கள். பார்க்கிற கண்ணுக்கு முதலில் படுவது அந்த நசுங்கல்தான்.

ஆகவே இங்கே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். முதலில் வாசலின் அகலம், அதிலிருந்து இடைவெளி, கடைசியில்தான் புள்ளி. இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு போகலாம்: இரண்டு சுவருக்கு நடுவே 122 செ.மீ. அகலமுள்ள ஒரு வாசல், அதில் நேர்ப்புள்ளி 9–1 சிக்குக் கோலம். நடு வரிசையில் 9 புள்ளி, அதற்கு மேலும் கீழும் 7, 5, 3, 1. மொத்தம் 9 வரிசை, 41 புள்ளி.

அகலத்தை அளப்பது

அளவெடுக்கும் டேப்பில் சென்டிமீட்டர் பக்கத்தைப் பயன்படுத்துங்கள். அங்குலத்தில் அளந்தால் காலும் அரைக்காலும் வந்து வகுக்கும்போது குழப்பும்.

சுவரிலிருந்து சுவருக்கு ஒரு தடவை அளந்தால் போதாது. கதவை ஒட்டி ஒரு தடவை, தாழ்வாரத்தை ஒட்டி ஒரு தடவை அளங்கள். சுவர்கள் இணையாக இருப்பதுபோல் தெரியும். அளந்தால் 1 செ.மீ. வித்தியாசம் வரலாம். சின்ன அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். டேப்பைத் தரையில் படியவைத்து அளப்பது முக்கியம். சுவரின் அடியில் டைல் ஒட்டியிருந்தால் அது கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இடுப்பு உயரத்தில் அளந்த அளவில் அந்தத் துருத்தல் சேராது.

அடுத்தது இரும்பு கேட். அது வெளிப்பக்கமாகத் திறக்கிறதா என்று பாருங்கள். அப்படித் திறந்தால், முழுக்கத் திறந்து அதன் விளிம்பு தரையில் எந்த வளைவு வரை வருகிறது என்று சாக்குக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். கேட்டின் அடிக்கம்பி தரையை உரசுகிற மாதிரி இருந்தால் அந்த வளைவுக்குள் மாவு நிற்காது. கோலம் கோட்டுக்கு வெளியே தொடங்க வேண்டும். உயரமாக இருந்தால் கவலையில்லை. செருப்பு ராக்கையும் பூத்தொட்டியையும் கோலத்துக்காக நகர்த்தப் போகிறீர்களா, இல்லையா என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். நகர்த்துவதானால் நடைவழியில் 1.2 மீட்டர் காலியாக இருக்க வேண்டும் என்ற குடிமைத் தற்காப்புப் படையின் விதி நினைவிருக்கட்டும். கோலத்தைச் சுற்றிக் குத்துவிளக்கு வைக்கிறவர்களுக்கும் இது பொருந்தும்.

மார்கழியில் இன்னொரு சங்கதி உண்டு. வடகிழக்குப் பருவமழை நேரம் என்பதால் சாரல் கைப்பிடிச் சுவரைத் தாண்டி உள்ளே வரும். தாழ்வாரத்தில் எதுவரை நனைகிறது என்று ஒரு மழை நாளில் பார்த்துவைத்து, காய்ந்த பகுதியை மட்டும் உங்கள் வாசலாகக் கணக்கில் எடுங்கள்.

இப்போது ஓரம். இரண்டு பக்கமும் 7 செ.மீ. விடுகிறேன். காவிப் பட்டை போட அதில் இடம் இருக்கும், குனிந்து போடும்போது முழங்கை சுவரில் இடிக்காது. உதாரண வாசலில் 122-இலிருந்து 14 போனால் 108 செ.மீ. கோலம் முழுவதும் இந்த 108-க்குள் அடங்க வேண்டும்.

எதால் வகுப்பது?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 9 புள்ளி வைத்தால் நடுவே 8 இடைவெளி. ஆகவே 108-ஐ 8-ஆல் வகுத்தால் 13.5 செ.மீ. கணக்கில் தப்பில்லை. ஆனால் அது சிக்குக் கோலத்துக்கான கணக்கு இல்லை.

புள்ளியைப் புள்ளியோடு சேர்க்கிற கோலத்தில் கம்பி கடைசிப் புள்ளியிலேயே நின்றுவிடும். ஆகவே முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை உள்ள தூரம்தான் கோலத்தின் அகலம். அங்கே 8-ஆல் வகுப்பது சரி. சிக்குக் கோலத்தில் கம்பி புள்ளியைத் தொடாது, சுற்றிக்கொண்டு வரும். இரண்டு புள்ளிக்கு நடுவில் சரிபாதியில் கம்பிகள் ஒன்றையொன்று வெட்டும். ஓரத்துப் புள்ளியைச் சுற்றும்போதும் அதே பாதி இடைவெளி அளவுக்கு வெளியே போய்த் திரும்பும். இடப்பக்கம் அரை, வலப்பக்கம் அரை. சேர்த்தால் ஒரு முழு இடைவெளி கூடுகிறது. 9 புள்ளிக்கு 9 இடைவெளி அகலம் வேண்டும்.

எங்கள் தளத்தில் ஒரு அக்கா இதை அழகாகச் சொல்வார்: "ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வீடு கட்டிக் கொடும்மா. புள்ளி வீட்டுக்கு நடுவுல உட்காரணும்." 9 வீடு, ஒவ்வொன்றும் ஒரே அளவு, சுவரோடு சுவர் ஒட்டியது. கம்பி அந்த வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு போகும், தாண்டாது.

சரி, 108-ஐ 9-ஆல் வகுத்தால் 12 செ.மீ. இதுதான் இடைவெளி. 13.5 என்று வைத்திருந்தால் என்ன ஆகும் என்றும் பார்த்துவிடலாம். முதல் புள்ளி சுவரிலிருந்து 7 செ.மீ.யில் இருக்கும். அதைச் சுற்றும் சுழி அங்கிருந்து 6.75 செ.மீ. வெளியே போகும். சுவருக்கும் சுழிக்கும் நடுவே மிஞ்சுவது கால் செ.மீ. அரைச் செ.மீ. தடிமனுள்ள கம்பி அதற்குள் போகவே போகாது.

படத்தில் புள்ளிகளுக்கு வெளியே தாமரை இதழோ விளக்கோ நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் வீடாக எண்ண வேண்டும். இதழ் ஓர் இடைவெளி தூரம் நீள்கிறது என்றால் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து இரண்டு வீடு கூடும். 9-க்குப் பதில் 11-ஆல் வகுங்கள்.

இடைவெளி எவ்வளவு வந்தால் கை ஒத்துழைக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். 6 செ.மீ.க்குக் கீழே போனால், விரலால் இழுக்கிற கம்பியின் தடிமனே வளைவை அடைத்துவிடும், புள்ளியும் கம்பியும் ஒட்டிக்கொள்ளும். 15-க்கு மேலே போனால் ஒரு வளைவை ஒரே வீச்சில் இழுக்க முடியாமல் நடுவே நிறுத்தி ஒட்டுப்போட வேண்டியிருக்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு 9 முதல் 13 வரை நல்ல இடைவெளி. வகுத்துப் பார்த்து 5 வந்தால் புள்ளி குறைந்த கோலமாக மாற்றுங்கள். 18 வந்தால் 13–1 மாதிரி பெரிய கோலத்தைத் தேடுங்கள். வாசலை மாற்ற முடியாது, கோலத்தை மாற்றலாம்.

வகுத்ததில் முழு எண் வராவிட்டால் கீழ்ப்பக்கமாகவே வெட்டுங்கள். வாசல் 115 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஓரம் போக 101. 9-ஆல் வகுத்தால் 11.2 சொச்சம். அதை 11 என்று எடுத்தால் கோலம் 99 செ.மீ.; மிச்சம் 2. அந்த 2-ஐ இரண்டு ஓரத்துக்கும் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுங்கள். கடைசி இடைவெளியில் மட்டும் சேர்த்துச் சரிக்கட்டினால் அந்தப் பக்கத்துச் சுழிகள் எல்லாம் உப்பிக்கொண்டு தெரியும்.

அடையாளம் வைப்பது

முதல் புள்ளி ஓரத்திலிருந்து பாதி இடைவெளி தள்ளி இருக்க வேண்டும். ஓரம் 7, பாதி இடைவெளி 6; ஆக இடப்பக்கச் சுவரிலிருந்து 13 செ.மீ. அப்புறம் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்டிக்கொண்டே போனால் 25, 37, 49, 61, 73, 85, 97, 109. இதை எழுதி முடித்ததும் இரண்டு இடத்தில் சரிபார்க்கலாம். நடுப் புள்ளி 61-இல் இருக்கிறது. 122-இல் பாதியும் 61. கடைசிப் புள்ளி 109. அங்கிருந்து வலப்பக்கச் சுவருக்கு 13. தொடங்கியதும் 13, முடிந்ததும் 13. இந்த இரண்டும் ஒத்துவராவிட்டால் தரையில் கையே வைக்காதீர்கள், தாளிலேயே திருத்துங்கள்.

எண்களைக் கூட்டி எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு புள்ளி வைத்துவிட்டு அதிலிருந்து 12 அளந்து அடுத்தது, அதிலிருந்து 12 அளந்து அடுத்தது என்று போனால், ஒவ்வொரு தடவையும் 3 மி.மீ. தவறினாலும் ஒன்பதாவது புள்ளிக்குள் 2 செ.மீ.க்கு மேல் தள்ளிப்போய்விடும். டேப்பைச் சுவரில் முட்டவைத்து, எடுக்காமல், எல்லா எண்ணுக்கும் ஒரே நீட்டில் குறி வையுங்கள். அப்போது ஒரு புள்ளியின் பிழை அடுத்ததைத் தொற்றாது.

டேப் இல்லாதவர்களுக்கு அந்த அக்காவின் வழியே போதும். புடவை ஓரத்துக்குத் தைக்கிற மாதிரி, நீளாத ரிப்பன் ஒன்றை 108 செ.மீ.க்கு, அதாவது ஓரம் போக மிஞ்சும் அகலத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள். மூன்றாக மடித்து, அதை மறுபடி மூன்றாக மடித்தால் 9 சமபாகம். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். மடிப்பின் மேல் இல்லை, இரண்டு மடிப்புக்கு நடுவில். 8 புள்ளிக் கோலமானால் பாதி பாதியாக மூன்று தடவை மடித்தால் முடிந்தது. எலாஸ்டிக் மட்டும் வேண்டாம், இழுக்கிற இழுப்புக்கு ஓர் அளவு காட்டும்.

அடுத்து ஆழம், அதாவது கதவிலிருந்து தாழ்வாரம் வரை உள்ள நீளம். நம் உதாரணத்தில் அது 140 செ.மீ. நேர்ப்புள்ளியில் வரிசைக்கு வரிசை உள்ள இடைவெளியும் அதே 12 என்பதால் ஆழத்திலும் 108 போதும். ஆழத்தின் நடு 70. அங்கேதான் 9 புள்ளி வரிசை. அதற்கு மேலும் கீழும் பன்னிரண்டாகப் போனால் 22, 34, 46, 58, 70, 82, 94, 106, 118.

இந்த எண்களைத் தரையில் எழுத வேண்டாம். இரண்டு பக்கச் சுவரை ஒட்டித் தரையில் மாஸ்கிங் டேப் ஒரு துண்டு ஒட்டி, வரிசை அளவுகளை அதில் பேனாவால் குறித்துவிடுங்கள். பிறகு தரையைத் துடைத்தாலும் குறி அழியாது. ஒரு நூலை இடப்பக்கம் 22-இலும் வலப்பக்கம் 22-இலும் இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். நூலை ஒட்டி ரிப்பனை வைத்து, நடுக் குறிக்கு நேரே ஒரு புள்ளி. நூலை 34-க்கு மாற்றி நடுவிலும் அதற்கு இரு பக்கமும், ஆக மூன்று புள்ளி. இப்படி 9 வரை ஏறி, மறுபடி 1 வரை இறங்குங்கள். ரிப்பனின் இடமுனை எப்போதும் இடப்பக்கச் சுவரிலிருந்து 7 செ.மீ.யில் இருக்க வேண்டும். வரிசையில் புள்ளி குறைவாக இருக்கிறது என்பதற்காக ரிப்பனை நகர்த்தக் கூடாது.

கதவு சுவருக்கு நடுவே இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால், கோலத்தின் நடு எது என்ற கேள்வி வரும். இரண்டு பக்கமும் சுவர் உள்ள வாசலில் சுவருக்குச் சுவர் நடுவையே எடுப்பேன். இரண்டு ஓரமும் சமமாக இருப்பதுதான் நின்று பார்க்கிறவருக்கு முதலில் தெரியும். பக்கச் சுவர் இல்லாத நேர்த் தாழ்வாரமானால் கதவின் நடுவே கோலத்தின் நடு.

கம்பி இழுக்கும் முன் ஒரு சோதனை

வரிசைகள் நேராக இருந்தும் கோலம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடலாம். இரண்டு சுவரோரத்திலும் ஒட்டிய மாஸ்கிங் டேப்புகளில் ஒன்று 1 செ.மீ. முன்னே போயிருந்தால் போதும். சிக்குக் கோலத்தின் கம்பிகள் குறுக்காகவே ஓடுவதால் இந்தச் சாய்வு நன்றாக வெளியே தெரியும்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி 3, 4, 5. நடு வரிசையின் நடுப் புள்ளியிலிருந்து வலப்பக்கம் மூன்றாவது இடைவெளியில் உள்ள புள்ளியை எடுங்கள். நடுப் புள்ளிக்கு நேர் மேலே நான்காவது இடைவெளியில் இருப்பது கோலத்தின் உச்சிப் புள்ளி. இந்த இரண்டுக்கும் நடுவே சரியாக 5 இடைவெளி, அதாவது 60 செ.மீ. இருக்க வேண்டும். இடப்பக்கமும் அப்படியே அளங்கள். இரண்டும் 60 என்றால் கட்டம் நேர். வலப்பக்கம் 59, இடப்பக்கம் 61 என்று வந்தால் உச்சி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது, அதுவும் ஒன்றரை செ.மீ.க்கு மேல். அரைச் செ.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம், அதற்கு மேல் போனால் ஒரு பக்க டேப்பை நகர்த்தி மறுபடி வையுங்கள். 41 புள்ளிக்கு அது பத்து நிமிட வேலைதான்.

அப்புறம், கோலத்தின் ஒரு மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குறுக்கு வரிசையை ஒரு கண்ணால் பாருங்கள். தப்பிய புள்ளி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும். மேலே நின்று பார்த்தால் அது தெரியாது.

தரையில் டைல் இருந்தால்

டைல் கோட்டையே வரிசையாக எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். 30 செ.மீ. டைலில் 10 செ.மீ. இடைவெளி அழகாக உட்காரும், ஒரு டைலுக்கு மூன்று புள்ளி. ஆனால் புள்ளியை டைல் இணைப்பின் மேல் வைக்காதீர்கள். இணைப்புப் பள்ளத்தில் கோலமாவு இறங்கிப் புள்ளி மங்கிவிடும். டைல் ஓரத்திலிருந்து 5, 15, 25 என்று வைத்தால் இணைப்பு இரண்டு புள்ளிக்கு நடுவே விழும். சிக்குக் கம்பி அதைக் குறுக்கே தாண்டிப் போகுமே தவிர அதன் வழியே ஓடாது.

டைலை 30 என்று நம்பியும் போய்விடக் கூடாது. இணைப்பின் அகலமும் சேரும். நான்கு டைலைச் சேர்த்து, இணைப்புகளோடு அளந்து நான்கால் வகுத்தால் உண்மையான அளவு கிடைக்கும். 121 என்று வந்தால் ஒரு டைல் 30.25, நான்கு டைலுக்கு 1 செ.மீ. கூடுகிறது. ரிப்பனை 10 என்று கண்டிப்பாகக் குறித்துவிட்டு டைல் கோட்டையும் பின்பற்றினால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஏதாவது ஒன்றைப் பின்பற்றுங்கள்.

ஆழம் போதாத வாசலுக்கு ஊடுபுள்ளி

அகலம் 122 இருந்து, ஆழம் 110 மட்டும் என்றால்? ஓரம் போக 96. அதை 9-ஆல் வகுத்தால் 10.6 சொச்சம்; கீழ்ப்பக்கமாக வெட்டினால் பத்தரை. நேர்ப்புள்ளியில் அகலத்துக்கு 12, ஆழத்துக்கு பத்தரை என்று இரண்டு இடைவெளி வைத்தால் கோலம் நசுங்கும். சின்னதையே இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும். பக்கவாட்டில் இடம் சும்மா கிடக்கும்.

இந்த மாதிரி வாசலுக்கு ஆறு இதழாக விரியும் ஊடுபுள்ளிக் கோலம் பொருத்தம். ஊடுபுள்ளி 9–5 என்றால் நடுவில் 9, அப்புறம் 8, 7, 6, 5. இங்கே மேல் வரிசைப் புள்ளி கீழ் வரிசையின் இரண்டு புள்ளிக்கு நடுவில் உட்காரும். பக்கத்துப் புள்ளிக்கும் குறுக்கே மேலே உள்ள புள்ளிக்கும் ஒரே தூரம் இருக்க வேண்டும் என்பதால், வரிசைகள் தாமாகவே நெருங்கி வரும். இடைவெளி 15 என்றால் வரிசைக்கு வரிசை 13. இந்த விகிதத்தை நினைவில் வைத்தால் போதும். நம் 12-க்கு அது 10.4. 9 வரிசைக்கு நடுவே 8 இடைவெளி, 83 செ.மீ.; மேலும் கீழும் சுழிக்கு ஆறு ஆறு. மொத்தம் 95. 96-க்குள் அடங்கிவிட்டது, அகலமும் முழு 108 கிடைக்கிறது.

வரிசைக்கும் 12-ஏ விட்டால் ஆறு இதழில் பக்கவாட்டு இரண்டும் குட்டையாகவும் மற்ற நான்கும் நெட்டையாகவும் வரும். வகுக்கப் பிடிக்காதவர்கள் 12 செ.மீ. நூல் ஒன்றை எடுங்கள். ஒரு புள்ளியில் ஒரு முனையை அழுத்திப் பிடித்து மறுமுனையால் மேலே சின்ன வளைவு கீறுங்கள். பக்கத்துப் புள்ளியிலிருந்தும் அப்படியே. இரண்டு வளைவும் வெட்டுகிற இடத்தில் அடுத்த வரிசைப் புள்ளி. ஒரு வரிசைக்கு இதைச் செய்து, கிடைத்த உயரத்தைச் சுவரோர டேப்பில் திருப்பித் திருப்பிக் கூட்டிக் குறித்துக்கொண்டால் மிச்ச வரிசைகளுக்கு நூலும் ரிப்பனும் போதும்.

ஊடு வரிசைகளுக்கு ரிப்பனை 6 செ.மீ. வலப்பக்கம் தள்ளி வைக்க வேண்டும். ஒரு வரிசை தள்ளி, அடுத்தது பழைய இடத்தில் என்று மாறி மாறி வரும். எந்த வரிசையில் இருக்கிறோம் என்பது மறந்துபோகாமல் இருக்க, டேப்பில் தள்ள வேண்டிய வரிசைகளுக்கு மட்டும் ஒரு சின்னக் குறுக்குக் கோடு போட்டுவிடுங்கள்.